மனச்சிதைவு நோயாளி குற்றக் கூண்டில் நிற்கலாமா? ‘விசாரணைத் தகுதி’ அறிக்கை பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒருவர் அரிவாளோடு அண்டை வீட்டுக்காரர் மீது பாய்ந்தார், அவருக்கு மனநோய் இருக்கிறது என்று செய்தி வந்தால் டீக்கடையில் உடனே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். “பைத்தியம்னு சர்டிபிகேட் வாங்கிட்டுத் தப்பிச்சிடுவான்” என்பது ஒன்று. “பாவம், அவனை எதுக்குக் கோர்ட்டுக்கு இழுக்கிறாங்க” என்பது இன்னொன்று. இரண்டுமே ஒரே தவறைச் செய்கின்றன. நோயின் பெயர் தெரிந்ததும் வழக்கின் முடிவும் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றன.

நீதிமன்றம் மனநல மருத்துவரிடம் கேட்பது வேறு கேள்வி. இந்த மனிதர் இன்றைய நிலையில் தன் வழக்கைத் தானே எதிர்கொள்ள முடியுமா? அதற்குப் பதிலாக மருத்துவர் எழுதித் தருவதுதான் விசாரணைத் தகுதி அறிக்கை. இந்தியச் சட்டத்தின்படி அது எப்படித் தயாராகிறது, அதில் என்ன இருக்க வேண்டும், எங்கே தவறுகிறது என்பதை ஒரு வழக்கை வைத்துப் பார்க்கலாம்.

சொற்களில் ஒரு சிக்கல் உண்டு, அதை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். தமிழில் போலீஸ் செய்வதும் ‘விசாரணை’, நீதிமன்றம் செய்வதும் ‘விசாரணை’. இங்கே அந்தச் சொல் நீதிமன்றத்தில் சாட்சிகளை வைத்து நடப்பதை மட்டுமே குறிக்கும். குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழ் ‘எதிரி’ என்று அழைக்கிறது. கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் ஆவணங்களில் அதுதான் வழக்கு என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு பெரியவர்

எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தன் நிலத்தை மகள் பெயருக்கு எழுதி வைக்க வருகிறார். சர்க்கரை நோய் உண்டு, காது மந்தம், சில நாள் பேரன் பெயர்கூட மறந்துபோகிறது. சார்பதிவாளருக்கு அந்த நோய்ப் பட்டியல் தேவையில்லை. “எந்த நிலத்தைக் கொடுக்கிறீங்க? யாருக்கு? கொடுத்துட்டா அப்புறம் அது உங்களுடையது இல்லைன்னு தெரியுமா? யாராவது மிரட்டினாங்களா?” என்று கேட்கிறார். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொன்னால் எத்தனை நோய் இருந்தாலும் கையெழுத்து செல்லும். பதில் சொல்ல முடியாவிட்டால், உடம்பில் ஒரு நோயும் இல்லாவிட்டாலும் செல்லாது.

விசாரணைத் தகுதியும் இப்படித்தான். அது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் திறன் இருக்கிறதா என்ற கேள்வி. இங்கே அந்த வேலை, தன் மீது சாட்டப்பட்ட குற்றத்தைப் புரிந்துகொண்டு, வக்கீலோடு பேசி, தன் தரப்பைச் சொல்வது.

அன்றும் இன்றும்

இன்னோர் ஒப்பீடு. ஒரு பேருந்து கவிழ்ந்துவிட்டது. விபத்து நடந்த இரவில் ஓட்டுநருக்குக் கண் தெரிந்ததா என்பது ஒரு கேள்வி. இன்று காலை அவர் மறுபடி வண்டி எடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அன்று கண் மங்கியிருந்து இன்று தெளிவாக இருக்கலாம், அல்லது அன்று தெளிவாக இருந்து இன்று மங்கியிருக்கலாம்.

குற்றம் நடந்த கணத்தில் எதிரியின் மனநிலை எப்படி இருந்தது என்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு பார்க்கிறது. இது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு எதிரானது என்பதையோ சித்த சுவாதீனமின்மையால் அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது அது. விசாரணை நடந்து முடிந்த பிறகே இதற்குப் பதில் கிடைக்கும்.

விசாரணைத் தகுதி இன்றைய கேள்வி. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367 முதல் 378 வரையுள்ள பிரிவுகள் இதைச் சார்ந்தவை. 2024 ஜூலை 1-க்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 328 முதல் 339 வரையுள்ள பிரிவுகளாக இருந்தன, பழைய தீர்ப்புகளைப் படிக்கும்போது அந்த எண்களைத்தான் காண்பீர்கள். இந்தக் கேள்விக்கு ‘தகுதி இல்லை’ என்று பதில் வந்தால் வழக்கு தள்ளிவைக்கப்படும். அது விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. டீக்கடைப் பேச்சில் ‘தப்பிச்சிட்டான்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தத் தள்ளிவைப்பைத்தான்.

சுருக்கமாக: நோய் இருக்கிறதா என்பது மருத்துவக் கேள்வி. அன்று என்ன புரிந்தது என்பது குற்றப் பொறுப்பு பற்றிய கேள்வி. இன்று வழக்கை நடத்த முடியுமா என்பது தகுதிக் கேள்வி. அறிக்கை இந்த மூன்றாவதற்கு மட்டுமே.

யார் கேட்கிறார், யார் தீர்மானிக்கிறார்

வழக்கமாக யாராவது ஒருவர் முதலில் கவனிப்பார். எதிரி கூண்டில் தனக்குத் தானே பேசுகிறார், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் சிரிக்கிறார், வக்கீலைக் கண்டு பயந்து ஒதுங்குகிறார் என்பது நடுவரின் கண்ணில் படும், அல்லது வக்கீல் மனுப் போடுவார். இவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை, அதனால் தன் தரப்பைச் சொல்ல முடியாது என்று நம்பக் காரணம் இருந்தால், நடுவர் அதைத் தீர விசாரித்தே ஆக வேண்டும்.

367-ஆம் பிரிவு சொல்லும் வழி இது. நடுவர் எதிரியை மாவட்ட அரசு மருத்துவரிடம் அனுப்புவார். சித்த சுவாதீனம் இல்லை என்று அவர் கண்டால், அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ உள்ள மனநல மருத்துவரிடம் அல்லது மருத்துவ உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும். அவர் சிகிச்சை தந்து, குணமாகும் வாய்ப்பையும் கணித்து, நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பார். அந்த முடிவில் எதிரிக்கு உடன்பாடு இல்லையென்றால் இரு மனநல மருத்துவர்கள் கொண்ட மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு ஏற்கெனவே சாட்சிக் கட்டத்துக்கு வந்துவிட்டால் 368-ஆம் பிரிவு பொருந்தும். அப்போது நீதிமன்றம் மற்றதை நிறுத்திவிட்டு முதலில் இந்தக் கேள்வியை முடிக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஓர் இடம் இங்கே இருக்கிறது. சித்த சுவாதீனம் இல்லை என்று மருத்துவர் சொன்னதோடு வேலை முடிவதில்லை. அந்தக் காரணத்தால் தன் தரப்பைச் சொல்ல இயலாமல் இருக்கிறாரா என்று நடுவர் தனியாக ஒரு முடிவைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவர் தருவது கருத்து, தீர்மானிப்பது நீதிமன்றம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு இன்னும் அழுத்தம் தருகிறது. ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிந்தது மட்டுமே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று பொருளாகாது, அதை உரிய நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு.

எதை அளக்கிறார்கள்

‘தன் தரப்பைச் சொல்ல இயலாதவர்’ என்று எழுதிய நம் சட்டம், அதற்கு என்னென்ன திறன் வேண்டும் என்று பட்டியல் போடவில்லை. மனநல மருத்துவர்கள் வேறு நாட்டுத் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த அளவுகோல்களைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 1836-இல் இங்கிலாந்தில் காது கேளாத, வாய் பேசாத ஒருவரின் வழக்கில் முதல் அளவுகோல் உருவானது. 1960-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டஸ்கி என்பவரின் வழக்கில் அதைக் கூர்மையாக்கியது. எதிரிக்கு வழக்கைப் பற்றிய தகவலறிவு மட்டும் போதாது, அறிவோடு பொருந்திய புரிதலும் வேண்டும், வக்கீலோடு அந்தப் புரிதலுடன் கலந்து பேசும் திறன் இப்போது இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தகவலறிவுக்கும் புரிதலுக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் மனச்சிதைவு நோயில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நோயாளிக்கு நீதிபதி யார், வக்கீல் யார், ஜெயில் என்றால் என்ன என்பதெல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்தவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இடத்தில்தான் நோய் குறுக்கே நிற்கும்.

மனச்சிதைவு நோயின் சில அறிகுறிகளை இங்கே பெயரிட்டுக்கொள்வோம். பிறழ்நம்பிக்கை என்பது எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான உறுதி, தன்னை எல்லோரும் கண்காணிக்கிறார்கள் என்பதுபோல. மாயக்குரல் என்பது யாரும் பேசாதபோது காதில் கேட்கும் பேச்சு. சிந்தனைச் சிதறல் என்பது ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பு அறுந்துபோவது. ஒடுக்கம் என்பது பேச்சும் முனைப்பும் உணர்ச்சியும் வற்றிப்போவது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வழக்கைத் தொடும். சிந்தனைச் சிதறல் உள்ளவரால் நடந்ததை வரிசையாக வக்கீலிடம் சொல்ல முடியாது. மாயக்குரல் ஓயாமல் கேட்பவரால் சாட்சி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஒடுக்கம் மிகுந்தவர் அமைதியாக உட்கார்ந்திருப்பதால் எல்லோரும் அவர் சரியாக இருப்பதாக நினைப்பார்கள், ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முனைப்பே அவரிடம் இருக்காது. தவறிப்போகிறவர்களில் இவர்களே அதிகம் என்பது என் கருத்து. சத்தம் போடுபவரை நீதிமன்றம் கவனித்துவிடும், ஓசையின்றித் தலையாட்டுபவரைக் கவனிக்காது.

ஒரு வழக்கு: முதல் அறிக்கை

விளக்கத்துக்காக அமைத்த ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். எதிரிக்கு 34 வயது, பத்தாம் வகுப்பு வரை படித்தவர், தறி ஓட்டுபவர். பக்கத்து வீட்டுக்காரரின் தோளில் அரிவாளால் வெட்டிவிட்டார். காயம் ஆழமில்லை. ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்ததாக நியாய சன்ஹிதாவின் 118(1)-ஆம் பிரிவில் வழக்கு, அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு. ஆறு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்தவர், சம்பவத்துக்கு முன் மருந்தை நிறுத்தியிருக்கிறார். நடுவர் அனுப்பியதன் பேரில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்.

மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது நீதிமன்ற உத்தரவை ஒழுங்காகப் படிப்பது. உத்தரவு கேட்பது தகுதியையா, குற்ற நேர மனநிலையையா, வெறும் சிகிச்சையையா என்பது சில உத்தரவுகளில் தெளிவாக இருக்காது. அப்படியென்றால் எழுதிக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியதால் கெட்டுப்போன அறிக்கைகள் உண்டு.

அடுத்து, எதிரியிடம் ஓர் எச்சரிக்கை: “நான் உங்களைப் பார்ப்பது கோர்ட்டுக்கு அறிக்கை எழுத. நீங்க சொல்றது அதில் வரலாம்.” வழக்கமான மருத்துவர்–நோயாளி ரகசியம் இங்கே முழுதாகப் பொருந்தாது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். சொன்ன விவரமும், அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதும் அறிக்கையில் பதிவாக வேண்டும்.

பிறகு தகவல் திரட்டல்: முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகையின் நகல், பழைய மருந்துச் சீட்டுகள், அம்மா சொல்லும் நோய் வரலாறு, வார்டு செவிலியர்களின் குறிப்பேடு. வக்கீலிடமும் பேச வேண்டும். எதிரி அவரோடு ஒத்துழைக்கிறாரா என்பது அவருக்குத்தானே தெரியும்? வார்டு குறிப்பேட்டின் மதிப்பு தனி. மருத்துவர் நாளுக்கு அரை மணி நேரம் பார்ப்பார், செவிலியர்களோ இரவு இரண்டு மணிக்கு அவர் சுவரைப் பார்த்து யாரோடோ வாதாடுவதையும் பார்ப்பார்கள்.

அதன் பின்தான் தகுதிக் கேள்விகள். பதில்களை எதிரியின் வாய்மொழியிலேயே எழுதுவது நல்ல வழக்கம். நம் வழக்கில் அவை இப்படி இருந்தன என்று வைத்துக்கொள்வோம்.

“உங்க மேல என்ன கேஸ்?” “பக்கத்து வீட்டுக்காரரை வெட்டினேன்னு.”

“நீதிபதி என்ன செய்வார்?” “ரெண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்பு சொல்வார்.”

“குத்தம்னு முடிவானா?” “ஜெயில்.”

“உங்க வக்கீல் யார் பக்கம்?” “அவரும் அவங்க ஆளுதான். அவர் பேனாவுல மைக் இருக்கு.”

“அவர்கிட்ட நடந்ததைச் சொன்னீங்களா?” “சொன்னா அன்னிக்கே டிவியில வந்துடும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“சாட்சி பொய் சொன்னா என்ன செய்வீங்க?” “எதுவும் செய்ய வேண்டாம். தீர்ப்பு என்னன்னு குரல் சொல்லிடுச்சு.”

முதல் மூன்று பதில்களோடு ஒருவர் நிறுத்தியிருந்தால் ‘தகுதி உண்டு’ என்று எழுதியிருப்பார். தகவலறிவு முழுதாக இருக்கிறது. கடைசி மூன்றில்தான் விஷயம் வெளிப்படுகிறது. வக்கீல் தனக்கு எதிரானவர் என்ற பிறழ்நம்பிக்கையால் அவரோடு பேச மறுக்கிறார். முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டது என்று மாயக்குரல் சொல்வதால் தற்காத்துக்கொள்ளும் காரணமே அவருக்கு இல்லை.

அறிக்கையின் உயிர்நாடியான வாக்கியம் இந்த இணைப்பைச் சொல்ல வேண்டும்: “வக்கீலைப் பற்றிய பிறழ்நம்பிக்கை காரணமாக, தன் தரப்பு விவரங்களை அவரிடம் தெரிவிக்க இயலாத நிலையில் இருக்கிறார்.” நோய், அதன் அறிகுறி, அந்த அறிகுறியால் தடைபடும் திறன் என்று மூன்று கண்ணிகளும் சேர்ந்தால்தான் சங்கிலி. “மனச்சிதைவு நோய், ஆகவே தகுதியில்லை” என்று எழுதினால் நடுக்கண்ணி இல்லை. “சுயநினைவோடு இருக்கிறார், இடமும் நேரமும் தெரிகிறது, ஆகவே தகுதி உண்டு” என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. இன்று என்ன கிழமை என்று தெரிவதற்கும் வக்கீலை நம்ப முடிவதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் அறிக்கையின் கருத்து: தற்போது தகுதி இல்லை. ஆனால் இந்த நிலை சிகிச்சையால் மாறக்கூடியது, முன்பு மருந்தில் நன்றாக இருந்ததற்குச் சீட்டுகள் சான்று. மருந்தை மறுபடி தொடங்கியாயிற்று, எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யலாம்.

அந்த எட்டு வாரம் வெறும் எண் இல்லை. மனச்சிதைவு நோய் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல, போதிய அளவில் நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அளவைச் சரிசெய்யவும் நாள் பிடிக்கும். ‘குணமாகும் வரை’ என்று காலவரையின்றி எழுதினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அறிக்கையில் இருக்கக் கூடாதது

வெட்டினாரா இல்லையா, ஏன் வெட்டினார் என்ற எதிரியின் கதை தகுதி அறிக்கைக்குள் வரக் கூடாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்துக்குச் சட்டத்தில் தடை உண்டு, மருத்துவரிடம் சொன்னதற்கு அதே தடை இல்லை. நோய் முற்றிய நிலையில் ஒருவர் சொன்ன வார்த்தை பின்னர் அவருக்கு எதிரான ஆதாரமாகப் புகுந்துவிடலாம். “குற்றச்சாட்டு என்னவென்று அறிவார்” என்று எழுதினால் போதும். குற்ற நேர மனநிலை பற்றி நீதிமன்றம் தனியாகக் கேட்டால், அதற்குத் தனி அறிக்கை.

அறியாமையா, நோயா

குறுக்கு விசாரணை என்றால் என்ன என்று கேட்டு எதிரி விழித்தால் அது நோயின் அடையாளமா? தெருவில் போகும் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் விழிப்பார்கள். இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. சொல்லிக்கொடுங்கள்: “உங்களுக்கு எதிரா சாட்சி சொன்னவரை உங்க வக்கீல் கேள்வி கேட்பார், பொய்யா உண்மையான்னு பார்க்க.” மறுநாள் மறுபடி கேளுங்கள். தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொன்னால் நேற்று இல்லாதது அறிவு மட்டுமே. பலமுறை சொல்லியும் நிற்கவில்லை என்றால், அல்லது “சாட்சி வாயை அவங்கதான் அசைக்கிறாங்க” என்று பதில் வந்தால், தடையாக இருப்பது நோய்.

நடிப்பு பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். நடிப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவர் முன்னிலையில் மட்டும் நடிப்பார்கள். வார்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவருக்கு மருத்துவர் வந்ததும் குரல் கேட்கத் தொடங்கும். குரல் எந்தப் பக்கமிருந்து, எப்போது, எது செய்தால் குறைகிறது என்று விவரம் கேட்டால் திணறுவார்கள். சிந்தனைச் சிதறலையும் ஒடுக்கத்தையும் நாள்கணக்கில் நடிப்பது மிகக் கடினம். இதற்காகவே உள்நோயாளியாக வைத்துத் தொடர்ந்து கவனிக்கிறார்கள்.

ஆனால் இதற்கு நேர்மாறான நடிப்பை யாரும் கேட்பதில்லை. தனக்கு நோய் இருப்பதாகவே நம்பாத நோயாளி, “எனக்கு ஒண்ணுமில்ல சார், கேஸை முடிச்சு விடுங்க” என்று அறிகுறிகளை மறைப்பார். குரல் கேட்கிறதா என்றால் இல்லை என்பார், இரவில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பார். வார்டு குறிப்பேடு இங்கேயும் கைகொடுக்கும்.

சுருக்கமாக: தெரிந்ததைச் சொல்வது ஒன்று, தெரிந்ததைத் தன் வழக்குக்குப் பயன்படுத்துவது இன்னொன்று. அறிக்கை இரண்டாவதைச் சோதித்து, தடை இருந்தால் எந்த அறிகுறியால் என்று காட்ட வேண்டும். குற்றத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

தள்ளிவைத்த பின் அவர் எங்கே இருப்பார்

தகுதி இல்லை என்று நடுவர் முடிவு செய்தால் உடனே ஒத்திவைத்துவிட முடியாது. அரசுத் தரப்பு ஆவணங்களைப் பார்த்து, எதிரியின் வக்கீலைக் கேட்டு, ஆனால் எதிரியைக் கேள்வி கேட்காமல், முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகாந்திரமே இல்லையென்றால் வழக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். இல்லாத வழக்குக்காக ஒருவர் குணமாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் இதன் நியாயம். இந்தப் படியை வக்கீல் நினைவூட்டுவது நல்லது.

முகாந்திரம் இருந்தால், மருத்துவர் சொல்லும் சிகிச்சைக் காலத்துக்கு ஒத்திவைப்பு. அந்தக் காலத்தில் எதிரி எங்கே இருப்பார் என்பதை 369-ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் அவசியம் இல்லாமல், உறவினரோ நண்பரோ ஒழுங்காக வெளிநோயாளிச் சிகிச்சைக்கு அழைத்துப் போவதாகவும், அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகவும் உறுதி தந்தால், ஜாமீனில் வரமுடியாத குற்றமானாலும் ஜாமீன் தரலாம். இல்லையென்றால் மனநலச் சிகிச்சை கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஆகவே உள்நோயாளிச் சிகிச்சை இன்னும் தேவையா என்ற ஒரு வரி அறிக்கையில் இருக்க வேண்டும். அந்த வரி விடுபட்டுப்போனால் ஜாமீன் மனு நொண்டும்.

காலவரையில்லாத ஒத்திவைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மச்சல் லாலுங் உதாரணம். அசாமைச் சேர்ந்த இவர் 1951-இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் அவர் நலமாகிவிட்டதாக மருத்துவமனை தெரிவித்தும் விசாரணையும் நடக்கவில்லை, விடுதலையும் கிடைக்கவில்லை. 2005-இல் வெளியே வந்தபோது 54 ஆண்டுகள் கடந்திருந்தன. குணமடைந்தார் என்ற தாளைக் கையில் எடுத்து அடுத்து செய்ய வேண்டியதைச் செய்ய யாரும் இல்லை, அவ்வளவுதான்.

நம் சட்டத்தில் தகுதியின்மைக்கு உச்சவரம்பு தனியாக எழுதப்படவில்லை. அதனால் வக்கீல் இன்னொரு கணக்கையும் கையில் வைத்திருக்க வேண்டும். சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின்படி, மரணமோ ஆயுளோ தண்டனையாக இல்லாத குற்றத்தில், அதிகபட்சத் தண்டனையின் பாதிக் காலத்தைக் காவலில் கழித்த விசாரணைக் கைதியை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கே போதும். நம் தறிக்காரருக்கு அது ஓராண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

இரண்டாவது அறிக்கை

எட்டு வாரம் கழிகிறது. குரல் முற்றாக நிற்கவில்லை, இரவில் எப்போதாவது கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கண்காணித்தார் என்ற நம்பிக்கையும் போகவில்லை. ஆனால் அதே கேள்விகளுக்கு இப்போது வரும் பதில்கள் வேறு.

“உங்க வக்கீல் யார்?” “சட்ட உதவி மையத்துல இருந்து வர்றார். எனக்காகப் பேசுவார்.”

“பேனாவுல மைக்?” “அப்ப அப்படித் தோணுச்சு. இப்பவும் கொஞ்சம் சந்தேகந்தான். ஆனா அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்.”

“சாட்சி தப்பாச் சொன்னா?” “வக்கீல் காதுல சொல்வேன்.”

கருத்து: தகுதி உண்டு. நோயின் பெயர் முதல் அறிக்கையில் இருந்த அதே பெயர்தான், ஒரு பிறழ்நம்பிக்கை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அது வக்கீலோடு பேசுவதைத் தடுக்கவில்லை. முழுக் குணம் என்பது தகுதிக்கு நிபந்தனை இல்லை. வழக்கை மேடைப் பேச்சாளர்போல நடத்தும் திறமையும் வேண்டாம், வக்கீலுக்குத் துணைநிற்கும் அளவு போதும்.

“மருந்தால் வந்த தெளிவுதானே, இது உண்மைத் தகுதியா?” என்று அரசுத் தரப்போ குடும்பமோ கேட்பதுண்டு. கண்ணாடி போட்டுப் படிப்பவருக்குப் பார்வை இல்லை என்று சொல்வோமா? மருந்தோடு இருக்கும் நிலைதான் அவருடைய இன்றைய நிலை. கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். தகுதி கிடைத்ததும் அவர் மருத்துவமனையிலிருந்து சிறைக்குத் திரும்புவார். அங்கே அதே மருந்து இருப்பில் இல்லாமல் போகலாம், வாய்தா நாளன்று அதிகாலையில் வேனில் ஏற்றும்போது காலை மாத்திரை விடுபடலாம், அல்லது அவரே நாக்கடியில் வைத்திருந்து துப்பிவிடலாம். சில வாரங்களில் பழைய நிலை திரும்பி, பாதி சாட்சி முடிந்த நேரத்தில் வழக்கு மறுபடி நிற்கும்.

எனவே இரண்டாவது அறிக்கையின் கடைசிப் பத்தி நடைமுறையாக இருக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம். மாத்திரையை நம்ப முடியாதென்றால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் நீண்டகால ஊசி, அடுத்த ஊசி போட வேண்டிய தேதியோடு. மருந்து தூக்கத்தைத் தருமென்றால் இரவில் கொடுக்கும்படி ஒரு வரி, இல்லையென்றால் கூண்டில் தூங்கி விழுபவரைப் பார்த்துத் தகுதி போய்விட்டதாக நினைத்துவிடுவார்கள். தொடர்ந்து உட்கார முடியாவிட்டால் இடைவேளை தரவும், கேள்விகளைச் சிறு வாக்கியங்களில் கேட்கவும் பரிந்துரை. எந்த அறிகுறிகளைக் கண்டால் மறுபடி அனுப்ப வேண்டும் என்பதும் வேண்டும். நம் எதிரிக்கு அது எளிது: வக்கீலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

விசாரணை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அன்று அரிவாளைத் தூக்கியபோது தறிக்காரருக்கு என்ன புரிந்திருந்தது என்ற 22-ஆம் பிரிவுக் கேள்வியை அவருடைய வக்கீல் இனிமேல்தான் எழுப்புவார். அதற்கு இந்த இரண்டு அறிக்கைகளும் பதிலாகா.